ஆய்வக அறிக்கைக்கு அவகாசம் கேட்டு ஆசிரியருக்கு மின்னஞ்சல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளிக்கிழமை மெத்தில் அசிட்டேட் கைனெடிக்ஸ் செய்தோம். இன்ஃபினிட்டி ரீடிங்குக்காக மூடி வெச்ச குடுவையைத் திங்கள் காலையில போய்ப் பார்த்தா கழுவிக் கவுத்து வெச்சிருக்காங்க. புதன்கிழமை ரெக்கார்டு வைக்கணும். மேமுக்குத் தமிழ்ல மெயில் எப்படி எழுதறது?

இப்படி எழுதலாம். தேதிகளை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

> பொருள்: ஐந்தாம் பருவம், மெத்தில் அசிட்டேட் ஆய்வு: அறிக்கைக்கு செப்டம்பர் 19 வரை அவகாசம் கோரி (பதிவு எண்)
>
> மதிப்பிற்குரிய அம்மா,
>
> வணக்கம். நான் மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல் வேதியியல் மாணவி. செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை செய்த மெத்தில் அசிட்டேட் நீராற்பகுப்பு ஆய்வின் அறிக்கையை 17-ஆம் தேதி புதன்கிழமை ஒப்படைக்க வேண்டும். என்னால் அன்று முழுமையாக ஒப்படைக்க இயலவில்லை.
>
> தொடக்க அளவீடும் 60 நிமிடம் வரையிலான ஆறு அளவீடுகளும் எடுத்துவிட்டேன். தாங்கள் கையொப்பமிட்ட அப்சர்வேஷன் பக்கத்தின் படத்தை இணைத்துள்ளேன். V∞ மட்டும் இல்லை. அதற்காக வைத்திருந்த குடுவையில் நான் பெயர்ச்சீட்டு ஒட்டவில்லை. திங்கள் காலை அது மற்ற கண்ணாடிச் சாமான்களோடு கழுவப்பட்டுவிட்டது.
>
> அன்று பயன்படுத்திய அமிலமும் எஸ்டரும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலும் அதே புட்டிகளில் இருக்கின்றன. 18-ஆம் தேதி வியாழன் மதியம் ஆய்வகத்தில் ஓர் இடமும் வாட்டர் பாத்தும் பயன்படுத்தத் தாங்கள் அனுமதித்தால், அதே அளவுகளில் கலவை தயாரித்துச் சூடாக்கி V∞ எடுத்துவிடுவேன். செய்முறையும் அட்டவணையும் எழுதி முடித்துவிட்டேன். கணக்கீடும் வரைபடமும்தான் பாக்கி. 19-ஆம் தேதி வெள்ளி காலை 10 மணிக்குள் அறிக்கையை ஒப்படைக்கிறேன்.
>
> இந்த இரண்டு நாள் அவகாசத்தையும் ஆய்வக அனுமதியையும் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், பதிவு எண், வகுப்பு, அலைபேசி எண்)

மாணவர்கள் எழுதும் கடிதங்களில் முக்கால்வாசி "தவிர்க்க இயலாத சில காரணங்களால்" என்று தொடங்கும். படிக்கிற ஆசிரியருக்கு அதில் ஒன்றுமே கிடைப்பதில்லை. மேலே உள்ளதில் எது முடிந்தது, எது பாக்கி, பாக்கியை எப்போது எதை வைத்து முடிக்கப் போகிறீர்கள் என்பது வந்துவிடுகிறது. அவர் "சரி, வியாழன் இரண்டு மணிக்கு வா" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிடலாம்.

"கழுவப்பட்டுவிட்டது" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ஆய்வக உதவியாளர் அண்ணன் கழுவிவிட்டார் என்று எழுதாதீர்கள். பெயரில்லாத குடுவையைக் கழுவுவதுதான் அவர் வேலை. அதோடு, வியாழன் மதியம் வாட்டர் பாத்தைப் போட்டுத் தரப்போவதும் அவர்தான்.

"ஒரு ரீடிங்தானே இல்லை, அது இல்லாம கணக்குப் போடு"ன்னு மேம் சொல்லிட்டா?

சொல்ல மாட்டார். ஆனால் ஏன் முடியாது என்று நேரில் கேட்பார். பதில் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த ஆய்வில் எஸ்டர் உடையும்போது அசிட்டிக் அமிலம் உண்டாகிறது. குறிப்பிட்ட நேரங்களில் 5 மி.லி. எடுத்து, பனிக்கட்டி போட்ட நீரில் விட்டு வினையைத் தணித்து, ஃபீனால்ஃப்தலீன் சேர்த்து, சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்க்கிறோம். நேரம் போகப் போகப் பியூரெட் அளவீடு ஏறும். முதலில் வருவது V₀, இடையில் வருவது Vₜ, எஸ்டர் முழுவதும் உடைந்தபின் வருவது V∞. சூத்திரம் இது:

```
k = (2.303 / t) log [ (V∞ − V₀) / (V∞ − Vₜ) ]
```

V∞ மேலேயும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. ஆரம்பத்தில் எவ்வளவு எஸ்டர் இருந்தது, இப்போது எவ்வளவு மிச்சம் என்ற இரண்டையும் அந்த ஓர் எண்தான் சொல்கிறது. அது இல்லாமல் ஆறு அளவீடுகள் கையில் இருந்தும் ஒரு k கூட வராது.

ஓர் எடுத்துக்காட்டு. 0.5 N ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மி.லி., எஸ்டர் 5 மி.லி., தரம் பார்க்க 0.2 N காரம். V₀ 11.9, அறுபதாவது நிமிடத்தில் 15.8, V∞ 26.9 என்று வைத்துக்கொள்வோம். k நிமிடத்துக்கு 0.0050 என்று வரும். இப்போது V∞-ஐ ஞாபகத்திலிருந்தோ போன வருட ரெக்கார்டைப் பார்த்தோ 25.9 என்று போட்டால், k 0.0054 ஆகிவிடும். ஒரே ஒரு மி.லி. பிசகுக்கு எட்டு சதவீதம் கூடிவிட்டது. பத்தாவது நிமிட அளவீட்டிலிருந்து அறுபதாவது நிமிட அளவீடு வரை எல்லா k-யும் ஒரே பக்கமாகக் கூடும். அதனால் பார்வைக்கு மாறிலி போலவே தெரியும், பிழை இருப்பதே தெரியாது. ஊகித்துப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளாமல் போவதும் இதனால்தான், ஊகிக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் சிலர், எஸ்டரின் அடர்த்தியையும் மூலக்கூறு நிறையையும் வைத்து V∞-ஐக் கணக்கிட்டுவிடலாமே என்பார்கள். 5 மி.லி. எஸ்டருக்குக் கிட்டத்தட்ட 15 மி.லி. காரம் என்று கணக்கு வரத்தான் செய்யும். ஆனால் மெத்தில் அசிட்டேட் 57 டிகிரியில் கொதிக்கிற பொருள். பிப்பெட்டில் உறிஞ்சும்போதே கொஞ்சம் ஆவியாகிவிடும். பழைய புட்டியாக இருந்தால் ஏற்கெனவே கொஞ்சம் உடைந்துமிருக்கும். அளந்த V∞-ஐச் சரிபார்க்க அந்தக் கணக்கு உதவும். அளக்காததற்குப் பதிலாக அதை வைக்க முடியாது.

V∞ இல்லாமலே k கண்டுபிடிக்கும் குக்கன்ஹைம் முறை பாடத்தில் இருக்கிறதே என்று கேட்டால், இருக்கிறது. அதற்கு ஒரே இடைவெளியில் இரண்டு வரிசை அளவீடுகள் வேண்டும். அந்த இடைவெளியும் அரைவாழ்வு நேரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இருந்தால்தான் நம்பகமாக வரும். மேலே சொன்ன வேகத்தில் அரைவாழ்வு நேரம் 140 நிமிடத்துக்குப் பக்கம். நீங்கள் ஒரு மணி நேரத்தோடு நிறுத்திவிட்டீர்கள். ஆகவே அது இங்கே உதவாது.

V∞ மட்டும் வேற நாள்ல எடுத்து ஒட்டலாமா? முழுசா முதல்லேருந்து செய்யணுமா?

ஒட்டலாம், ஒரு நிபந்தனையோடு. வினையின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. ஆனால் எஸ்டர் முழுவதும் உடைந்தபின் எவ்வளவு அமிலம் இருக்கும் என்பது, நடைமுறைக்குப் போதுமான அளவில், எவ்வளவு எஸ்டரும் எவ்வளவு அமிலமும் கலந்தீர்கள் என்பதைத்தான் பொறுத்தது. வெள்ளிக்கிழமை 30 டிகிரி, வியாழக்கிழமை 33 டிகிரி என்றாலும் V∞ மாறாது. மாறக் கூடாதது கரைசல்கள். அதே அமிலப் புட்டி, அதே எஸ்டர் புட்டி, அதே பிப்பெட், அதே அளவுகள். மின்னஞ்சலில் "அதே புட்டிகளில் இருக்கின்றன" என்ற வாக்கியம் இதற்காகத்தான் வருகிறது. ஆசிரியர் முதலில் தேடுவது அதைத்தான்.

சோடியம் ஹைட்ராக்சைடு மட்டும் சற்று நம்பத்தகாதது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து, நாளாக ஆக வீரியம் குறையும். ஆக்சாலிக் அமிலத்தை வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 0.20 இப்போது 0.19 ஆகியிருந்தால், கிடைத்த V∞-ஐ 0.19-ஆல் பெருக்கி 0.20-ஆல் வகுத்தால் பழைய அளவுக்கு வந்துவிடும். இதை அறிக்கையில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

அமிலமே புதிதாகக் கரைக்கப்பட்டிருந்தால் அல்லது வேறு வகுப்பு பயன்படுத்தித் தீர்த்திருந்தால், முதலிலிருந்து செய்வதுதான் வழி. அப்படியானால் இரண்டு நாள் கேட்காதீர்கள். அடுத்த ஆய்வக வகுப்புக்கு மறுநாள் வரை கேளுங்கள்.

சூடாக்கினா ஒரு மணி நேரத்துல V∞ வந்துடும்னு மேனுவல்ல போட்டிருக்கு. அப்ப ஏன் ரெண்டு நாள் கேக்கணும்?

ஆய்வகக் கையேடுகளில் அப்படித்தான் இருக்கும். ஆனால் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் எஸ்டரில் மூன்று நான்கு சதவீதம் மிச்சமிருக்க வாய்ப்புண்டு. நம் எடுத்துக்காட்டில் அது அரை மி.லி. குறைவு. இரண்டு மணி நேரம் வையுங்கள். எடுத்துக் குளிரவைத்து ஒரு 5 மி.லி. தரம் பாருங்கள். மீதியை இன்னும் அரை மணி சூடாக்கி மறுபடி பாருங்கள். இரண்டும் 0.1 மி.லி.க்குள் ஒத்துப்போனால் முடிந்தது. இரண்டாவது கூடி வந்தால் வினை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

குடுவையைத் திறந்து வைத்துச் சூடாக்கிவிடாதீர்கள். எஸ்டரின் கொதிநிலையைத் தாண்டிய வெப்பத்தில் வைக்கிறோம். கார்க் வைத்து அடைத்தால் தூக்கி எறிந்துவிடும், திறந்திருந்தால் எஸ்டர் பறந்துவிடும். மேலே நீர் ஓடும் கண்டென்சர் பொருத்துங்கள். எஸ்டர் பறந்ததா என்று கண்டுபிடிக்க மேலே சொன்ன கணக்கு உதவும். V∞-க்கும் V₀-க்கும் வித்தியாசம் 15-க்குப் பக்கத்தில் இல்லாமல் 12 அல்லது 13 என்று வந்தால் பெரும்பாலும் பறந்திருக்கிறது.

இப்போது நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். கலவை தயாரிக்க, காரத்தைச் சரிபார்க்க, இரண்டரை மணி நேரம் சூடாக்க, தரம் பார்க்க என்று ஒரு மதியம் முழுவதும் போய்விடும். ஆறு k, ஒரு வரைபடம், விவாதம் எழுத ஒரு மாலை வேண்டும். வியாழன் மதியமும் மாலையும் போனால் வெள்ளி காலை தயார். இப்படி வேலையிலிருந்து தேதியைக் கணக்கிடுங்கள். "ஒரு வாரம்" என்று பொதுவாகக் கேட்டால், ஏன் ஒரு வாரம் என்ற கேள்வி வரும், பதில் இருக்காது.

எங்க பக்கத்து டேபிள்ல அதே புட்டியிலதான் எடுத்தாங்க. அவங்க V∞-ஐயே போட்டுக்கலாமா?

ஆசிரியர் சம்மதித்தால் போடலாம், சொல்லிவிட்டுப் போட வேண்டும். அதே கரைசல்கள் என்றால் அவர்களுடைய V∞ உங்களுக்கும் ஏறக்குறையப் பொருந்தும். சரிபார்க்க எளிய வழி உண்டு: உங்கள் இருவரின் V₀-வும் ஒரே நேரத்து Vₜ-களும் 0.1 மி.லி.க்குள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். போகவில்லையென்றால் பிப்பெட் அளவிலோ கலந்த அளவுகளிலோ வித்தியாசம் இருக்கலாம், அந்த V∞-ஐ அப்படியே நம்ப முடியாது.

இந்த வழியில் போவதானால் மின்னஞ்சலே வேறு மாதிரி ஆகிவிடும். அவகாசம் கேட்க வேண்டாம். "அதே கரைசல்களைப் பயன்படுத்திய மூன்றாம் மேசையின் V∞ அளவீட்டை, அப்படியே குறிப்பிட்டு, என் கணக்கில் பயன்படுத்த அனுமதி வேண்டும்; அனுமதித்தால் புதன்கிழமையே ஒப்படைத்துவிடுவேன்" என்று கேட்கலாம். ஆசிரியராக எனக்கு இந்தக் கடிதம்தான் பிடிக்கும். சொல்லாமல் எடுத்துப் போட்டால் இரண்டு ரெக்கார்டிலும் ஒரே V∞ கிடக்கும். திருத்துகிறவர் கண்ணுக்கு அது உடனே படும்.

எப்ப அனுப்பணும்?

குடுவை இல்லை என்று தெரிந்த அன்றே. திங்கள் காலை தெரிந்தால் திங்கள் மாலைக்குள். புதன் காலை அனுப்பினால், திங்களும் செவ்வாயும் என்ன செய்தாய் என்றுதான் முதலில் கேட்பார்கள். வியாழன் மதியம் ஆய்வகம் வேண்டும் என்றால் உதவியாளருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

உடம்பு சரியில்லாமப் போச்சுன்னா? மெடிக்கல் சர்ட்டிபிகேட் வேணுமா?

அது துறைக்குத் துறை மாறும். காய்ச்சல் என்றால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பதும், ஆய்வு வகுப்புக்கு வந்தீர்களா என்பதும் போதும். வந்து அளவீடு எடுத்தவருக்கு எழுத மட்டும் நேரம் வேண்டும். வராதவருக்கு ஆய்வே செய்ய வேண்டும், அது அவகாசக் கடிதம் அல்ல, ஈடுசெய் வகுப்புக் கோரிக்கை. இரண்டையும் ஒரே கடிதத்தில் குழப்பாதீர்கள். வீட்டு விஷயமென்றால் விவரம் எழுத வேண்டியதில்லை. "குடும்பத்தில் ஒருவர் மருத்துவமனையில் இருக்கிறார், நேரில் சொல்கிறேன்" என்றால் போதும்.

நேர்ல "மேம்"னுதான் கூப்பிடறோம். மெயில்ல என்ன போடறது?

"மதிப்பிற்குரிய அம்மா", "மதிப்பிற்குரிய ஐயா". கடிதம் முழுக்க "தாங்கள்" என்று வந்தால் "நீங்கள்" இடையில் நுழையக் கூடாது. "தாழ்மையுடன் பணிவன்போடு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்" எல்லாம் வேண்டாம். "கேட்டுக்கொள்கிறேன்" ஒன்றே போதுமான பணிவு. அனுப்புநர், பெறுநர் என்று பள்ளியில் எழுதிய முகவரிக் கட்டமும் மின்னஞ்சலுக்குத் தேவையில்லை.

தமிழ்ல அடிச்சு அனுப்பினா அவங்களுக்கு ஏதோ இங்கிலீஷ் எழுத்தாத் தெரியுதாம். என்ன பண்ணலாம்?

பிரவுசிங் சென்டரில் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடில் அடியுங்கள். கைப்பேசியின் தமிழ் விசைப்பலகையில் அடிப்பது எல்லாம் யூனிகோடுதான். பேசி எழுதவைக்கும் வசதியைப் பயன்படுத்தினால் ஒருமுறை படித்துப் பாருங்கள். "எஸ்டர்" எங்காவது "ஈஸ்டர்" என்று விழுந்திருக்கும். ∞ குறி கிடைக்காவிட்டால் "முடிவிலி அளவீடு" என்று எழுதிவிடலாம்.

தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். இணைப்பில் போக வேண்டியது அப்சர்வேஷன் பக்கம் மட்டும். அந்தப் படத்தில் தேதியும் ஆசிரியரின் கையொப்பமும் தெளிவாகத் தெரிய வேண்டும். கோப்பின் பெயரில் உங்கள் பதிவு எண் இருக்கட்டும்.

செவ்வாய் சாயங்காலம் வரை பதிலே வரலை.

மின்னஞ்சலை மறுபடி அனுப்ப வேண்டாம். புதன் காலை துறைக்குப் போய், "அம்மா, திங்கட்கிழமை ஒரு மெயில் போட்டிருந்தேன், V∞ சம்பந்தமாக" என்று நினைவூட்டுங்கள். கையில் அப்சர்வேஷன் நோட்டும், எழுதியவரைக்குமான ரெக்கார்டும் இருக்கட்டும். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு போகாதீர்கள்.

முடியாது, புதன்கிழமையே வைன்னு சொல்லிட்டாங்க. என்ன வைக்கிறது?

இருப்பதை வையுங்கள். நோக்கம், தத்துவம், செய்முறை, V₀ முதல் 60 நிமிடம் வரையிலான அட்டவணை. Vₜ-க்கும் நேரத்துக்கும் ஒரு வரைபடம் போடலாம், அதற்கு V∞ தேவையில்லை. மெல்ல ஏறும் கோடு வந்தால் வினை ஒழுங்காக நடந்திருக்கிறது என்பதாவது தெரியும். ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால் எந்தத் தரம்பார்த்தல் பிசகியது என்றும் தெரியும். கணக்கீட்டுப் பகுதியில் சூத்திரத்தை எழுதி, V∞ இல்லை, காரணம் இன்னது, கணக்கீட்டு மதிப்பு சுமார் இவ்வளவு இருக்கும் என்று குறித்து, அதிலிருந்து வரும் k-க்கு அருகில் "உத்தேசம்" என்று தெளிவாக எழுதுங்கள். முடிவு என்ற தலைப்பின் கீழ் அந்த எண்ணை வைக்காதீர்கள். அதற்கு மதிப்பெண் குறையும், மீதிப் பகுதிகளுக்கு உரியது கிடைக்கும். பருவத் தேர்வுக்கு முன் ரெக்கார்டில் சான்றொப்பம் வாங்கும் நேரத்தில் V∞ எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல ஆசிரியர்கள் மதிப்பெண்ணைத் திருத்தாவிட்டாலும் அந்தப் பக்கத்தை முழுமையாக்க விடுவார்கள். செய்முறைத் தேர்வில் இதே ஆய்வு வந்தால் புரட்டிப் பார்க்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.